‘முன்’ என்றால் எதற்கு முன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில், ‘ஐ கேம் ஹியர் பிஃபோர் டூ இயர்ஸ்’ என்று எழுதுவது தவறு, ‘ஐ கேம் ஹியர் டூ இயர்ஸ் அகோ’ என்பதே சரி என்று வந்திருந்தது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதன் கீழேயே, தமிழில் எண்ணோடு ‘முன்’ வந்தால் ஆங்கிலத்தில் ‘அகோ’ போட்டுவிடுங்கள் என்று ஒரு விதியும் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த விதிப்படி எழுதினால் ஒரு தவறு போய் இன்னொன்று வந்து உட்காரும். புதிதாக வருவது பழையதைவிடப் பொல்லாதது. வாக்கியம் பார்க்க ஒழுங்காக இருக்கும். தேதி மட்டும் மாறிப்போகும்.

நான் அவிநாசியில் இருக்கிறேன். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். மாலையில் என்னிடம் படிக்க வருகிறவர்களில் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசராக வேலை பார்க்கும் பெண்கள். வெளிநாட்டு பையருக்குக் கடிதம் எழுதுவது அவர்களுடைய அன்றாட வேலை. சாம்பிள் எப்போது போனது, துணி எப்போது சாயத்துக்குப் போனது என்பதுதான் அந்தக் கடிதங்களின் உயிர். அப்படி ஒரு பெண் கொண்டுவந்த கடிதத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

அவள் மார்ச் 20 அன்று எழுதியது இது. சாயத்தின் நிறம் சரிதானா என்று பார்க்க அனுப்பும் லேப் டிப்புக்கு, பையரின் ஒப்புதல் மார்ச் 10 அன்று வந்திருக்கிறது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன் இவர்கள் லேப் டிப்பை அனுப்பியிருக்கிறார்கள். அதைச் சொல்ல அவள் எழுதியது: ‘வி காட் யுவர் அப்ரூவல் ஆன் மார்ச் 10. வி சென்ட் தி லேப் டிப்ஸ் பிஃபோர் டூ வீக்ஸ்.’ பையரின் அலுவலகத்திலிருந்து, இரண்டு வாரம் முடிவதற்குள் அனுப்பிவிட்டோம் என்கிறீர்களா, எந்த இரண்டு வாரம் என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது. அவர்கள் வேண்டுமென்று கேட்கவில்லை. ‘பிஃபோர்’ என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு நாளோ, மணியோ, நிகழ்ச்சியோ வரும் என்றுதான் ஆங்கிலக் காது எதிர்பார்க்கிறது. அங்கே வெறும் கால அளவு வந்து நின்றால், அந்த அளவு தீர்வதற்குள் என்று பொருள் கொள்ளப் பார்க்கிறது. நாம் சொல்ல வந்த தேதி அதில் எங்குமே இல்லை.

சரி, உங்கள் விதிப்படி திருத்துவோம். ‘வி சென்ட் தி லேப் டிப்ஸ் டூ வீக்ஸ் அகோ.’ இப்போது கேள்வி வராது. ஆனால் ‘அகோ’ எப்போதும் எழுதுகிற நாளிலிருந்துதான் பின்னோக்கி எண்ணும். மார்ச் 20-இலிருந்து இரண்டு வாரம் எண்ணினால் மார்ச் 6. உண்மையில் லேப் டிப் போனதோ, மார்ச் 10-இலிருந்து இரண்டு வாரம் எண்ணினால் வரும் பிப்ரவரி 24 அன்று. தாமதம் யாருடையது என்று பின்னால் பேச்சு வந்தால், இந்தப் பத்து நாள் வித்தியாசத்துக்கு அந்தப் பெண்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவள் எழுதியிருக்க வேண்டியது, ‘வி ஹேட் சென்ட் தி லேப் டிப்ஸ் டூ வீக்ஸ் எர்லியர்.’ ‘எர்லியர்’ இருக்கும் இடத்தில் ‘பிஃபோர்’ போட்டு ‘டூ வீக்ஸ் பிஃபோர்’ என்றாலும் சரியே. கவனிக்க வேண்டியது இடம்தான்: அளவு முன்னே, ‘பிஃபோர்’ பின்னே.

ஆகவே மாணவிகளிடம் நான் கேட்கச் சொல்வது ஒன்றே. ‘முன்’ என்று எழுதப்போகும்போது, எதற்கு முன் என்று கேட்டுப் பார். தேருக்கு முன், கல்யாணத்துக்கு முன், ஐந்து மணிக்கு முன் என்று ஒரு நிகழ்ச்சியோ நேரமோ விடையாக வந்தால் ‘பிஃபோர்’. அதனோடு அளவும் இருந்தால் அளவை முதலில் வை: ‘எ வீக் பிஃபோர் தி கார் ஃபெஸ்டிவல்’, தேருக்கு ஒரு வாரம் முன். இங்கே எண் இருக்கிறது, ஆனாலும் ‘அகோ’ நுழைய இடமே இல்லை. ‘எ வீக் அகோ தி கார் ஃபெஸ்டிவல்’ என்று இந்த வாரம் ஒரு பெண் எழுதிவந்தாள். எங்கே படித்தாய் அம்மிணி என்று கேட்டேன். உங்கள் இதழைக் காட்டினாள்.

நிகழ்ச்சி எதுவும் இல்லாமல் அளவு மட்டுமே விடையாக வந்தால், எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்று அடுத்த கேள்வி. இன்றிலிருந்து என்றால் ‘அகோ’. பேச்சில் வரும் வேறொரு நாளிலிருந்து என்றால் ‘எர்லியர்’. நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிந்தது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1948-இல் வேலை தொடங்கியது. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘செவன் இயர்ஸ் எர்லியர்’ என்றால் 1948 வரும். ‘செவன் இயர்ஸ் அகோ’ என்றால், அணைக்கு இப்போதுதான் அஸ்திவாரம் தோண்டியதாக ஆகிவிடும்.

யாரோ முன்பு சொன்னதை எடுத்துச் சொல்லும்போதும் இதே சிக்கல் வரும். ‘நான் இரண்டு வருடத்துக்கு முன் இங்கே வந்தேன்’ என்று ஒருவர் 2019-இல் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னபோது அது ‘அகோ’. இன்று நாம் அதை எழுதும்போது ‘ஹீ செட் ஹீ ஹேட் கம் தேர் டூ இயர்ஸ் பிஃபோர்’. அவர் வந்தது 2017-இல்; அந்த ஆண்டு மாறாமல் இருக்க வேண்டுமென்றால் சொல் மாறித்தான் ஆக வேண்டும்.

‘பேக்’ பற்றி உங்கள் பகுதி கடுமையாகச் சொல்லிவிட்டது. ‘டூ இயர்ஸ் பேக்’ பிழை அல்ல. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேச்சில் சொல்கிறார்கள். விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் ‘அகோ’ எழுதுவது நல்லது, அவ்வளவுதான்.

‘அகோ’வோடு வரும் இன்னொரு பிழையை நீங்கள் தொடவே இல்லை. நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் ‘ஐ ஹேவ் ஜாயின்ட் டூ இயர்ஸ் அகோ’ என்கிறார்கள். ‘அகோ’ நாளைக் குறித்துவிடுகிறது. நாள் குறித்த செயலுக்கு ‘ஹேவ்’ சேராது. ‘ஐ ஜாயின்ட் டூ இயர்ஸ் அகோ’ என்றுதான் வர வேண்டும். நாள் குறிக்காமல், இதற்கு முன் எப்போதோ என்றால் அப்போது ‘ஹேவ்’ தாராளமாக வரலாம்: ‘ஐ ஹேவ் வொர்க்ட் இன் திருப்பூர் பிஃபோர்’.

அடுத்த இதழில் அந்த விதியைத் திருத்தி வெளியிடுங்கள். ‘எண் வந்தால் அகோ’ என்ற வரியை எடுத்துவிட்டு, எதற்கு முன், எந்த நாளிலிருந்து என்ற இரண்டு கேள்விகளையும் போட்டால் போதும். உங்கள் பக்கத்தை வெட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
அவிநாசி