'எழுதினார்' என்று போடாதே

அன்புள்ள கயல்,

கருத்தரங்குக்காக நீ எழுதிய பயோவை நேற்று இரவே படித்துவிட்டேன். "மதுரையில் பிறந்தார். மருந்து நிறுவனத்தில் பணியாற்றினார். மூன்று மலையாள நாவல்களை மொழிபெயர்த்தார்." வரிக்கு வரி இறந்தகாலம். எங்கள் பத்திரிகையில் இந்த நடையில் வந்ததெல்லாம் அஞ்சலிக் குறிப்புதான், அம்மா.

ஒருமுறை ஒரு கவிஞரைப் பற்றிய குறிப்பில் "கவிதைகள் எழுதினார்" என்று இருந்ததை மெய்ப்பில் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இதழ் வந்த மறுநாள் அவரே போன் செய்தார். "நான் எப்போ சார் போனேன்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், எனக்குத்தான் முகம் எரிந்தது.

'எழுதினார்' என்றால் கதை முடிந்தது. 'எழுதியிருக்கிறார்' என்றால் செய்த வேலை கையில் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், இன்னும் செய்யக்கூடும். 'எழுதி வருகிறார்' என்றால் இந்த மாதமும் மேசையில் தாள் கிடக்கிறது. படிப்பவர் இலக்கணம் பார்ப்பதில்லை. ஆனால் உன்னிடம் அடுத்த நாவலைக் கொடுக்கலாமா என்று யோசிக்கும் பதிப்பாளருக்கு இந்த வினை வடிவம்தான் பதில் சொல்லும்.

அதற்காக எல்லாவற்றையும் நிகழ்காலமாக்கிவிடாதே. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாய், இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே 'பணியாற்றுகிறார்' என்று போட்டால் அது பொய். விசாரிப்பவர் ஒரே போனில் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் மற்ற வரிகளையும் நம்பமாட்டார். நாலாவது நாவலில் பாதி தாண்டிவிட்டாய் என்று அம்மா சொன்னாள். அதை ஏன் விட்டுவிட்டாய்?

நான் இப்படி மாற்றியிருக்கிறேன்:

"கயல், மொழிபெயர்ப்பாளர். மதுரையில் பிறந்தவர். மூன்று மலையாள நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நான்காவதை மொழிபெயர்த்து வருகிறார். மருந்து நிறுவனமொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியவர்."

முதல் வரியில் வினைச்சொல்லே கிடையாது. 'மொழிபெயர்ப்பாளர்' என்று நிறுத்தினால் காலம் ஒட்டுவதில்லை, நடுவில் ஒரு வருஷம் எழுதாமல் இருந்தாலும் அது பொய்யாகாது. 'பணியாற்றியவர்' என்பதும் எனக்குப் பிடித்த வடிவம். வேலை முடிந்தது தெரிகிறது, ஆள் முடிந்துபோன மாதிரி தெரிவதில்லை. 'பிறந்தவர்' என்று மாற்றியதும் அதற்காகத்தான். பழைய வேலையைக் கடைசிக்குத் தள்ளியது நானாகச் செய்தது, பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்.

இது கருத்தரங்கு அழைப்பிதழுக்கு மட்டும். அது ஒரு வாரத்தில் குப்பைக்குப் போய்விடும், 'வருகிறார்' இருக்கலாம். புத்தகத்தின் பின்னட்டைக்குக் கேட்டால் அந்த ஒரு வரியை எடுத்துவிடு. பத்து வருஷம் கழித்துப் பழைய புத்தகக் கடையில் எடுப்பவருக்கு நீ இன்னமும் நான்காவது நாவலிலேயே இருப்பாய். 'தற்போது' என்ற சொல்லும் அட்டையில் வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்றாயே, அனுப்பிவிட்டுச் சொல். குட்டிக்குச் சளி விட்டதா?

அன்புடன்,
அப்பா