மழைக்காட்டு மக்களின் உயரத்துக்கு ஒற்றைக் காரணம் எழுதாதீர்கள்: அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் பாடநூல்களை எழுதுகிற, மொழிபெயர்க்கிற, சரிபார்க்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். தகவமைப்பு பற்றிய பாடம் என்றால் மழைக்காட்டு மக்களின் உயரம் எப்படியாவது அதில் வந்துவிடுகிறது. மத்திய ஆப்பிரிக்காவில் வெளியார் பிக்மி என்று அழைக்கும் சமூகங்கள், பிலிப்பைன்ஸின் அய்தா மக்கள் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். ஆண்களின் சராசரி உயரம் 155 செ.மீ.க்கும் கீழே என்று ஒரு வரி. உடனே காரணம்: ஒரு நூலில் "காட்டில் உணவு குறைவு", இன்னொன்றில் "வெப்பத்தைத் தாங்க", வேறொன்றில் "மரங்களுக்கிடையே எளிதாக நடமாட". மாணவர் அதை மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார். அந்த ஒரு வரியை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இந்தக் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு குழந்தையின் உடல் எந்த வயதில், எந்த வழியில் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது என்பது ஒன்று. பல ஆயிரம் ஆண்டுகளில் அப்படிக் குறைத்துக்கொண்ட உடல்கள் ஏன் நிலைத்தன என்பது மற்றொன்று. முதலாவதற்கு அளவுகோலும் பிறந்த தேதியும் இருந்தால் பதில் தேடலாம். இரண்டாவதற்குத்தான் போட்டி விளக்கங்கள் குவிந்து கிடக்கின்றன. முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவதைச் சோதிக்க முடியும் என்பதைப் பாடநூல்கள் கண்டுகொள்வதே இல்லை.

முதலில், இது முழுக்கச் சூழல் மட்டும்தானா? காங்கோவின் இதூரி காட்டில் எஃபே என்னும் வேட்டைச் சமூகமும், லெஸே என்னும் உழவர் சமூகமும் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. எஃபே மக்கள் லெஸே தோட்டங்களில் வேலை செய்கிறார்கள், அங்கே விளைந்ததை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இரு சமூகங்களுக்கும் அதே காடு, அதே மழை, பெரும்பாலும் அதே நோய்கள். ஆனாலும் எஃபே ஆண்களின் சராசரி உயரம் சுமார் 143 செ.மீ.தான், லெஸே ஆண்கள் தெளிவாகவே உயரமானவர்கள். கேமரூனிலும் உகாண்டாவிலும் நடந்த மரபணு ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. வேட்டைச் சமூகத்துக்குள்ளேயே, யாருடைய மூதாதையரில் உழவர் சமூகக் கலப்பு அதிகமோ அவர் சராசரியாகக் கூடுதல் உயரமாக இருக்கிறார். உகாண்டாவின் பட்வா மக்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள 16 மரபணுப் பகுதிகளை அடையாளம் கண்டது. ஆகவே மரபுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மரபு என்று சொல்லிவிட்டால் போதுமா? உடலுக்குள் அது எப்படி வேலை செய்கிறது? 1981இல் வந்த ஓர் ஆய்வு, பிக்மி என்று அழைக்கப்படும் மக்களின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் இயல்பான அளவில் இருப்பதையும், அந்த ஹார்மோனின் தூண்டுதலால் உருவாகி எலும்பை நீளச் செய்யும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருள் குறைவாக இருப்பதையும் காட்டியது. பிறகு 2009இல், கேமரூனின் பாக்கா மக்களிடம் வளர்ச்சி ஹார்மோனை ஏற்றுக்கொள்ளும் ஏற்பியை உண்டாக்கும் மரபணு மிகக் குறைவாகவே செயல்படுகிறது என்று தெரியவந்தது. ஹார்மோன் வருகிறது, ஆனால் அதற்குக் காது கொடுக்கும் ஏற்பிகள் குறைவு. சரி, எந்த வயதில் குறைவு? இங்கேதான் நீண்ட காலம் ஒரு குழப்பம் இருந்தது.

1987இல் ஓர் ஆய்வு, பூப்பெய்தும் பருவம் வரை இந்தச் சமூகங்களின் குழந்தைகளுடைய ஐ.ஜி.எஃப்-1 மற்றவர்களைப் போலத்தான் இருக்கிறது, அந்தப் பருவத்தில் வரவேண்டிய ஏற்றம்தான் வரவில்லை என்றது. அதனால் "வளரிளம் பருவத்தின் திடீர் வளர்ச்சி இவர்களுக்கு இல்லை" என்பது பல நூல்களில் ஏறிவிட்டது. ஆனால் 1991இல் எஃபே குழந்தைகளைப் பிறப்பிலிருந்து ஐந்து வயது வரை அளந்தவர்கள், அவர்கள் பிறக்கும்போதே லெஸே குழந்தைகளைவிடச் சிறியவர்கள் என்று கண்டார்கள்.

இதில் சிக்கலே வயதுதான். அந்தக் காலத்தில் இந்தச் சமூகங்களில் பெரும்பாலும் பிறந்த தேதி எங்கும் எழுதப்படவில்லை. ஐந்து வயதுக் குழந்தை சிறியதாக இருப்பதால் அதற்கு நான்கு வயது என்று மதிப்பிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுக்கு அந்த உயரம் சரியாகவே தெரியும். சிறு வயதில் நடந்த தாமதம் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அதே போல 13 வயதில் வேகமாக வளரும் மூன்று பையன்களில் ஒருவனுக்கு 11 என்றும் ஒருவனுக்கு 15 என்றும் எழுதிவிட்டால், மூவரின் வேகமும் வெவ்வேறு வயதுகளில் சிதறிவிடும். சராசரி எடுக்கும்போது அந்த ஏற்றம் தட்டையாகி, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று தோன்றும். வயதைத் தப்பாக மதிப்பிட்டால் கிடைக்கும் படமும், வளரிளம் பருவ வளர்ச்சி இல்லாத சமூகத்தின் படமும் ஒன்றுபோலவே இருக்கும்.

இதைத் தீர்த்து வைத்தது ஒரு பதிவேடு. கேமரூனில் லெ போஸ்கே என்ற இடத்தில், ஒரு கத்தோலிக்க மிஷன் பாக்கா குழந்தைகளின் பிறப்பைத் தேதியோடு எழுதி வைத்திருந்தது. அதைக் கொண்டு, பிறப்பிலிருந்து முழு வளர்ச்சி வரை, வயது உறுதியாகத் தெரிந்தவர்களை அளந்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. பாக்கா குழந்தைகள் பிறக்கும்போது இயல்பான அளவில்தான் இருக்கிறார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வளர்ச்சி வேகம் வெகுவாகக் குறைகிறது. அதற்கப்புறம் மற்ற குழந்தைகளைப் போன்ற வேகத்தில்தான் வளர்கிறார்கள்; வளரிளம் பருவ ஏற்றமும் வருகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் விழுந்த இடைவெளி மட்டும் கடைசி வரை மூடுவதில்லை.

எஃபே குழந்தை கருவிலேயே சிறியதாகிறது. பாக்கா குழந்தை பிறந்த பிறகு தாமதிக்கிறது. வந்து சேரும் இடம் ஒன்று, வழி இரண்டு. காங்கோ படுகையில் எஃபே போன்ற கிழக்குச் சமூகங்களும் பாக்கா போன்ற மேற்குச் சமூகங்களும் பிரிந்து ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உயரக் குறைவின் ஒரு பகுதியாவது அவர்களிடம் தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். ஒரே வகைச் சூழலில் ஒரே விளைவு திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அதை ஏதோ ஓர் அழுத்தம் தேர்ந்தெடுத்திருக்கிறது. எந்த அழுத்தம் என்பதுதான் அடுத்த கேள்வி.

விளக்கங்களில் மிகவும் துணிச்சலானது 2007இல் வந்தது. காட்டுச் சமூகங்களில் இளம் வயதிலேயே சாவு அதிகம். எனவே சீக்கிரம் வளர்ச்சியை நிறுத்தி சீக்கிரம் பிள்ளை பெற்றவர்களின் வழிதான் தழைத்தது. குட்டை உயரம் அதன் பக்கவிளைவு என்றது அது. எனக்கு இந்த வாதம் பிடிக்கும், ஏனென்றால் அதைச் சோதிக்க முடியும். வளர்ச்சி முன்கூட்டியே நிற்க வேண்டும் என்று அது சொல்கிறது. பாக்கா பதிவேடு அப்படிக் காட்டவில்லை. அங்கே தாமதம் தொட்டில் பருவத்தில். பிலிப்பைன்ஸ் சமூகங்களுக்கு இந்த விளக்கம் பொருந்தலாம், ஆனால் எல்லோருக்குமான பதிலாக இதை எழுத முடியாது. இன்னொரு தடையும் உண்டு. நோய்களும் நில இழப்பும் புகுந்த பின் அளந்த இறப்பு விகிதத்தை, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இறப்பு விகிதமாக வைத்துக்கொள்வது பெரிய அனுமானம்.

வெப்ப விளக்கத்தின் இயற்பியல் சரியானதே. ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாது. சிறிய உடல் குறைவான வெப்பத்தை உண்டாக்கும், எடைக்குக் கூடுதலான தோல் பரப்பும் அதற்கு உண்டு. ஆனால் பட்வா மக்கள் வாழ்ந்த பிவிண்டி காடு 1,160 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர் வரை உயரும் குளிர்ந்த மலைக்காடு. அங்கே இந்த வாதம் தடுமாறுகிறது. அடர்ந்த காட்டில் நடமாட்டம் எளிது என்பதற்கு ஓரளவு அளவீட்டு ஆதரவு உண்டு: மலேசியாவின் பதேக் மக்களையும் பொலிவியாவின் சிமானே மக்களையும் அளந்தவர்கள், அடர்ந்த காட்டில் எல்லோருடைய காலடி நீளமும் குறைவதையும், நெட்டையானவர்களுக்கு அந்த இழப்பு அதிகம் என்பதையும் கண்டார்கள். உணவுக் குறைவு விளக்கம்தான் பாடநூல்களுக்கு மிகவும் பிடித்தது. பசி ஒரு சமூகத்தைக் குட்டையாக்குகிறது என்றால், பசிக்குப் பழகிய வறண்ட நிலத்து துர்கானா மக்கள் நெட்டையாக இருப்பதற்கு அது பதில் சொல்ல வேண்டும்.

உயரத்தையே தேடாமல் தேர்வு நடந்திருக்கலாம் என்ற எண்ணமும் இருக்கிறது. 2012இல் கேமரூன் சமூகங்களின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், தேர்வின் தடம் தெரியும் ஒரு பகுதியில் CISH என்ற மரபணுவைக் கண்டார்கள். தொற்று எதிர்ப்பிலும் வளர்ச்சி ஹார்மோன் செய்தியைத் தணிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. காட்டு நோய்களைத் தாங்கும் ஒரு வடிவம் பரவியபோது, உயரம் கூடவே குறைந்திருக்கலாம். இன்னும் நிறுவப்படாத விஷயம்தான். ஆனாலும் தகவமைப்பு என்றாலே கண்ணுக்குத் தெரியும் பண்புதான் பயன் தந்தது என்று நினைக்கும் மாணவருக்கு, இப்படியும் நடக்கலாம் என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இத்தனை சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத் தவற்றையும் சொல்ல வேண்டும். பாக்கா குழந்தையின் வளர்ச்சி தாமதிக்கும் அந்த முதல் இரண்டு ஆண்டுகளில்தான், உணவுக் குறைவும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் எந்தக் குழந்தையின் உயரத்தையும் நிரந்தரமாகக் குறைக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2006இல் தந்த அட்டவணையில், வயதுக்கேற்ற உயரம் நடுமதிப்பிலிருந்து இரண்டு திட்டவிலக்கத்துக்கும் கீழே போனால் அது வளர்ச்சிக் குன்றல். அந்தக் கோட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆரோக்கியமான பாக்கா குழந்தையும் பட்டினிக் குழந்தையாகத் தெரியும். "இவர்கள் மரபே அப்படி" என்று மட்டும் சொன்னால், காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு உண்மையிலேயே பசியில் இருக்கும் குழந்தை கவனிப்பின்றிப் போகும். 1991இல் பிவிண்டி தேசியப் பூங்கா ஆனபோது பட்வா மக்களுக்கு நேர்ந்தது இந்த வெளியேற்றம்தான். உயரத்துக்கேற்ற எடையும் மேற்கைச் சுற்றளவும், அதே குழந்தையைச் சில மாதங்கள் தொடர்ந்து அளப்பதும், மரபால் குட்டையான குழந்தையையும் பசியால் குன்றிய குழந்தையையும் பிரித்துக் காட்ட உதவும். உயரமாக வளரும் குழந்தையாக இருந்தாலும் சரி, குட்டையாக வளரும் குழந்தையாக இருந்தாலும் சரி, பசி வந்தால் முதலில் எடைதான் இறங்கும்.

அடுத்த பதிப்பில் அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு வளர்ச்சிக் கோடுகளைப் போடுங்கள்: பிறப்பிலேயே கீழே தொடங்கும் எஃபே கோடு, இரண்டு வயதுக்குள் கீழிறங்கும் பாக்கா கோடு. அதன் கீழே, "முன்கூட்டியே வளர்ச்சி நிற்கிறது என்ற விளக்கம் இவற்றில் எதற்குப் பொருந்தும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவரால் அதற்குப் பதில் எழுத முடியும்.

அன்புடன்,
உங்கள் நூல்களைத் தொடர்ந்து வாசிக்கும் ஒருவர்