கூட்டத்தோடு நிறுத்தும் எஸ்.ஐ.பி.

ஐயா,

பங்குச் சந்தைச் சரிவால், மியூச்சுவல் ஃபண்டில் தவணை முறையில் முதலீடு செய்யும் எஸ்.ஐ.பி.யை நிறுத்துவோர் பெருகுவதாகத் தங்கள் நாளிதழில் செய்தி படித்தேன். வேலை இழந்து நிறுத்துவது வேறு. அக்கம்பக்கத்தார் நிறுத்தினார்கள் என்று நிறுத்துபவர், மலிவான யூனிட்டுகளையே இழக்கிறார். 2020 ஜனவரியில் 12,300-ஐத் தாண்டிய பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி, மார்ச் 23-ல் 7,610-க்கு இறங்கியது. நவம்பரில் பழைய உச்சத்தையும் கடந்தது. ஜனவரி உச்சத்தில் 50 ரூபாயாக இருந்த நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்டு யூனிட், மார்ச் 23 அன்று ஏறக்குறைய 31 ரூபாய் ஆகியிருக்கும். அதே 5,000 ரூபாய்த் தவணைக்கு 100-க்குப் பதில் 161 யூனிட்! அச்சத்தில் விலகியவர் கூட்டம் திரும்பிய பிறகே, உயர்ந்த விலையில் வாங்குகிறார்.

எஸ்.ஐ.பி.யை நிறுத்தும் இணையப் பக்கத்தில், கடந்த 12 தவணைகளில் ஒவ்வொன்றுக்கும் கிடைத்த யூனிட் எண்ணிக்கையைக் காட்டும்படி, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி உத்தரவிட வேண்டும்.

- வாசகர், ஈரோடு