பதினோராம் பக்கத்தில் ஒளிந்திருந்த வாதம்

அன்புள்ள தேவகி,

உன் கடிதமும் மூன்றாம் அத்தியாயத்தின் ஆங்கில வரைவும் கிடைத்தன. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதியடைந்தேன். வரைவை இரண்டு முறை படித்தேன்.

‘இந்த அத்தியாயம் இரண்டு கிராமங்களின் ஏரிப் பாசனத்தை ஆராய்கிறது’ என்று தொடங்குகிறாய். இது தலைப்பைச் சொல்கிறதே தவிர உன் வாதத்தைச் சொல்லவில்லை. இதை மறுக்க யாருக்கும் இடமில்லை. உன் வாதம் பதினோராம் பக்கத்தின் அடியில் கிடக்கிறது: ஆயக்கட்டு சுருங்கியதற்கு மழைக் குறைவைவிட, வரத்துக்காலைத் தூர்வாராமல் விட்டதே பெரிய காரணம். மழையே காரணம் என்போர் இதை எதிர்த்து வாதாட முடியும் என்பதால், இதுவே உன் ஆய்வுக் கூற்று. முன்னுரை முடியும் இடத்தில் இதை வை.

பத்திகளிலும் அதே பழக்கம்தான் இருக்கிறது. காரணங்களை அடுக்கி முடிவைக் கடைசியில் சொல்வது நமக்கு இயல்பு. ஆங்கில ஆய்விதழின் வாசகரோ பத்தியின் முதல் வாக்கியத்திலேயே கூற்றை எதிர்பார்த்து, பிறகு வரும் சான்றுகளை அதனோடு ஒப்பிட்டுப் படிக்கிறார். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்து வரிசையாகப் படித்துப் பார். உன் வரைவில் அப்படிப் படித்தபோது எனக்கு மழையளவும் பேட்டி நடந்த விவரமும் கிடைத்தன, வாதம் கிடைக்கவில்லை.

ஒரு வாக்கியத்தில் நெடுநேரம் நின்றேன். ‘மழை பொய்த்து, ஏரி வற்றி, விளைச்சல் குறைந்து, மக்கள் வெளியூர் போனார்கள்’ என்று தமிழில் நினைத்து, ஒவ்வொரு எச்சத்துக்கும் ஓர் ‘அண்ட்’ போட்டிருக்கிறாய். நம் வினையெச்சம், ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததா, ஒன்றால் மற்றொன்று நடந்ததா என்பதை வெளிப்படையாகச் சொல்லாமலே நகர்ந்துவிடும். ஆய்வுக் கட்டுரையில் ‘ஆஃப்டர்’ என்பதா, ‘பிகாஸ்’ என்பதா என்று நீ முடிவு செய்தாக வேண்டும். ‘பிகாஸ்’ என்று எழுதக் கை போகும்போதே, அதற்குச் சான்று இருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. மக்கள் போனது விளைச்சல் குறைந்ததாலா, பிள்ளைகளின் படிப்புக்காகவா என்பதை நீ அவர்களிடம் கேட்கவில்லையே! அங்கே ‘ஆஃப்டர்’தான் நேர்மையானது.

40 வீடுகளில் ஒரே பருவத்தில் எடுத்த பேட்டியைக் கொண்டு ‘ப்ரூவ்ஸ்’ என்று எழுதாதே, ‘சஜெஸ்ட்ஸ்’ போதும். அடுத்த பக்கத்தில் ‘மே பாசிப்ளி சஜெஸ்ட்’ என்று மூன்று தயக்கங்களைச் சேர்த்திருக்கிறாய். அங்கும் ஒன்றே போதும். ஆனால் 27 வீட்டார் வரத்துக்கால் தூர்ந்துவிட்டது என்று சொன்னது நீ காதால் கேட்டு எண்ணியது. அதைத் தயங்காமல் இறந்தகாலத்தில் எழுது. அவர்கள் சொன்னதிலிருந்து நீ ஊகிக்கும் காரணத்துக்குத்தான் தயக்கச் சொல் வேண்டும்.

அந்த எச்ச வாக்கியம் உள்ள பத்தியை மட்டும் முதலில் திருத்தி அனுப்பு. மற்றவற்றை அதன் பிறகு பார்ப்போம்.

அன்புடன்,
கோமதி