பொருத்துக வினாவைப் பிரித்துக் கொடுங்கள்

சேலம் மாவட்டப் பள்ளிகளின் வினாடி வினாப் போட்டிகளுக்கு வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஏற்காடு மலைப் பள்ளிகளுக்குச் சென்று வரும் சிறப்பாசிரியர் நான். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளோடும் குறை பார்வை உள்ள பிள்ளைகளோடும் வேலை செய்கிறேன். முதல் கட்டத் தேர்வுக்கு நீங்கள் அச்சடித்துத் தரும் தாளில் தவறாமல் வரும் ‘பொருத்துக’ வினாவைப் பற்றித்தான் இந்த மடல். பாடம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் அந்த வினாவில்தான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அதை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

நம் மாவட்டக் கனிமங்களையே எடுத்துக்கொள்கிறேன். வினா பெரும்பாலும் இப்படி வரும்:

கஞ்சமலை – 1. பாக்சைட்
சேர்வராயன் மலை – 2. மேக்னசைட்
சங்ககிரி – 3. சுண்ணாம்புக்கல்
வெள்ளக்கல்பட்டி – 4. இரும்புத்தாது

(அ) 4 1 3 2  (ஆ) 4 3 1 2
(இ) 2 1 4 3  (ஈ) 3 2 1 4

இதற்கு விடை எழுதும் பிள்ளை என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். இடத்தின் பெயரைப் படிக்கிறது. வலப்பக்கம் போய் நான்கு கனிமங்களையும் படித்து ஒன்றைத் தேர்கிறது. அதன் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்புகிறது. நான்கு முறை இப்படிப் போய் வந்த பிறகு, சேர்த்து வைத்த நான்கு எண்களின் வரிசையைக் கீழே உள்ள நான்கு வரிசைகளோடு ஒப்பிடுகிறது. கடைசியாக அந்த எழுத்தை விடைத்தாளுக்குக் கொண்டுபோகிறது. இவ்வளவில் கனிமம் பற்றிய அறிவு தேவைப்படுவது ஓர் இடத்தில் மட்டும்தான். மற்றதெல்லாம் வரிசையை நினைவில் வைப்பதும் கண்ணை நகர்த்துவதும்.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அந்த மற்ற வேலைதான் மலை. 4132, 4312 என்ற இரண்டு வரிசைகளும் அதற்கு எளிதில் ஒன்றாகிவிடும். குறை பார்வை உள்ள பிள்ளைக்குச் சிக்கல் வேறு. கையில் பிடிக்கும் உருப்பெருக்கியின் வழியாக ஒரு நேரத்தில் இரண்டு மூன்று சொற்கள்தான் தெரியும். ‘கஞ்சமலை’யிலிருந்து வலப்பக்கம் நகர்ந்தால் நடுவில் வெற்றுத்தாள்தான் வருகிறது. கனிமத்தைக் கண்டுபிடித்துத் திரும்பும்போது கண் எந்த வரியில் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. (அ) (ஆ) ஒரு வரியிலும் (இ) (ஈ) அடுத்த வரியிலும் இருப்பதால், அடுத்த விடை பக்கத்தில் இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதையும் தேட வேண்டும்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இதே போன்ற வினாவில் தவறினான். தாளை மூடிவிட்டு, “கஞ்சமலையில் என்ன கிடைக்கும்?” என்று கேட்டேன். தயங்காமல் சொன்னான். நான்கு இடங்களுக்கும் சொன்னான். அவன் வீட்டுப் பெரியவர்கள் சுரங்க வேலைக்குப் போனவர்கள். மேக்னசைட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவன் அவன். அவனுக்கு அந்தத் தாளில் சுழியம்.

வினாவைப் பிரித்தால் தரம் குறையாதா என்று சிலர் கேட்டார்கள். மேலே உள்ள நான்கு விடைகளில் மூன்றாம் எண்ணை மட்டும் பாருங்கள்: 3, 1, 4, 1. சங்ககிரி என்றால் சுண்ணாம்புக்கல் என்ற ஒன்றை மட்டும் அறிந்த மாணவன், மற்ற மூன்றையும் அறியாமலே (அ) என்று குறித்து முழு மதிப்பெண் பெறுவான். நான்கையும் அறிந்தவன் வரிசையைத் தவறவிட்டால் ஒன்றும் பெறமாட்டான். இப்போதைய வடிவம் பாட அறிவைச் சரியாக அளக்கவில்லை. பிரித்துக் கேட்டால் ஒவ்வொரு இணைக்கும் தனி மதிப்பெண் கிடைக்கும். யாருக்கு எது தெரியும் என்பது உங்களுக்கும் தெளிவாகத் தெரியும்.

பிரிப்பது இப்படித்தான்:

கஞ்சமலையில் கிடைக்கும் கனிமம் எது?
(அ) பாக்சைட்
(ஆ) மேக்னசைட்
(இ) சுண்ணாம்புக்கல்
(ஈ) இரும்புத்தாது

விடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, எல்லாம் ஒரே இடது ஓரத்தில் தொடங்க வேண்டும். நான்கு வினாக்களிலும் விடைகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதல் வினாவிலேயே அந்த நான்கு சொற்களும் பிள்ளைக்குப் பழகிவிடும். வினாவும் அதன் விடைகளும் ஒரே பக்கத்தில் முடியட்டும். இடம் போதாது என்றால், கனிமங்களை மேலே ஒரு முறை அச்சிட்டு, கீழே ஒவ்வொரு இடப்பெயரையும் ஒட்டி ஒரு கட்டம் வைத்து, எழுத்தை அதிலேயே எழுதச் சொல்லலாம். தனி விடைத்தாளும் அப்போது தேவையில்லை.

தனி விடைத்தாள், அதுவும் ஓ.எம்.ஆர். தாள், இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பொறி. 11ஆம் வினாவின் விடையை 12ஆம் வட்டத்தில் நிரப்பிவிட்டால் அதற்குப் பிறகு எல்லாமே சரிந்துவிடும். திருத்தும்போது இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு தாளில் ஓரிடம் வரை சரியாக வந்து, அதன்பின் தொடர்ச்சியாகத் தவறு வந்தால், விடைகளை ஒரு வரி மேலே நகர்த்தி ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்திவிட்டால் பிள்ளைக்குப் பாடம் தெரிந்திருக்கிறது, வரிதான் தவறியது.

சொல்லமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். “பின்வருவனவற்றுள் தவறாகப் பொருத்தப்படாத இணை எது?” போன்ற வினாக்களை விட்டுவிடுங்கள். எதிர்மறை, சொல்லின் நடுவில் ஓர் எழுத்தாக ஒளிந்திருக்கிறது. சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் வைத்து ஊகித்துப் படிக்கும் பிள்ளை அதைக் காணாமல் கடந்துவிடும். “சரியான இணை எது?” என்று கேட்டால் போதும். நீளமான கூட்டுச்சொல்லைப் பிரித்து எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள். மலை, மழை அல்லது கரை, கறை என்று ஓரெழுத்து மாறும் சொற்களை விடைகளாக வைப்பது தமிழ்ப் பாட வினாவில் நியாயம், எழுத்தறிவுதானே அங்கே சோதிக்கப்படுகிறது. புவியியல் வினாவில் அதற்கு வேலை இல்லை.

அடுத்தது எழுத்தின் அளவு. எல்லாருக்குமான தாளை 14 பாயின்ட்டில், வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடைவெளி விட்டு அச்சிடுங்கள். தமிழில் மேலே புள்ளியும் கீழே கு, ழு போன்றவற்றின் வளைவும் வருவதால், நெருக்கமான வரிகளில் அவை ஒன்றோடொன்று முட்டுகின்றன. குறை பார்வை உள்ள பிள்ளைக்கு 18 பாயின்ட்டும் அதற்கு மேலும் தேவைப்படலாம். 10 பாயின்ட் தாளை ஏ4 அளவிலிருந்து ஏ3 அளவுக்குப் பெரிதாக்கி நகலெடுத்துக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நகல் எழுத்தை 1.41 மடங்குதான் பெரிதாக்கும். 10 பாயின்ட் 14 ஆகும், 18 ஆகாது. தாளோ மேசையை விட்டு வெளியே தொங்கும், ஒவ்வொரு வரியும் நீளும், மங்கிய எழுத்து மங்கலாகவே பெரிதாகும். கணினியில் உள்ள கோப்பிலேயே எழுத்தளவை மாற்றி, ஏ4 தாளிலேயே கூடுதல் பக்கங்களாக அச்சிடுவதுதான் சரி. வினா எண்கள் மாறக்கூடாது, இல்லாவிட்டால் கண்காணிப்பாளர் ஒரு வினாவைச் சொல்லும்போது பிள்ளை வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆங்கிலத்துக்கான வழிகாட்டிகளில் எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டச் சொல்வார்கள். தமிழில் அதை அப்படியே செய்தால், சில மென்பொருள்களில் ‘கொ’வின் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகி நின்று, படிப்பதற்கு முன்பைவிடக் கடினமாகிவிடும். சொற்களுக்கிடையிலும் வரிகளுக்கிடையிலும் இடம் விட்டாலே போதும். தடித்த எழுத்தைத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழு வினாவையும் தடித்த எழுத்தில் அடித்தால் ழ, ஜ, ஷ ஆகியவற்றின் உள்வெளி அடைபட்டுப் போகிறது. இருபுற ஓரங்களையும் சமன்செய்ய வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, வரி இறுதியில் அவற்றை உடைப்பதும் குறைவு. ஆகவே சொற்களுக்கு நடுவில் ஒழுங்கற்ற பள்ளங்கள் விழுகின்றன. இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

பெரிய எழுத்து எல்லாக் குறை பார்வைக்கும் மருந்தல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறை பார்வையை வரையறுக்கும்போது பார்வைக் கூர்மையோடு பார்வைப் புலத்தையும் சேர்த்தே சொல்கிறது. நடுப்பகுதி மட்டும் தெரிந்து ஓரங்கள் தெரியாத பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு நேரத்தில் தெரியும் சொற்கள் குறைந்துபோகும். அந்தப் பிள்ளைக்கு நடுத்தர எழுத்தும், குறுகிய வரிகளும், நல்ல கருமையான அச்சும்தான் வேண்டும். அதனால் மருத்துவச் சான்றிதழை மட்டும் பார்த்து எழுத்தளவை முடிவு செய்யாமல், பிள்ளையிடமே கேளுங்கள். அதே சட்டம் டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கியது. கூடுதல் நேரமும் விடை எழுத உதவியாளரும் தேர்வில் தரத்தக்க மாற்றங்களாக அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. போட்டி என்பதால் இவற்றைச் சலுகை என்று ஒதுக்க வேண்டாம்.

அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டுகிறேன். ஒரு தடித்த அட்டையில் நான்கு சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் உயரமும் உள்ள துளை வெட்டி, அதைத் தாளின் மேல் வைத்து நகர்த்தி, அந்தத் துளை வழியாகவே எல்லா வினாக்களுக்கும் நீங்களே விடை எழுதிப் பாருங்கள். வரியைத் தேடித் திரும்பிப் போக வேண்டியிருக்கும் வினாக்களைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தவேண்டியவை அவைதான். கோப்பைக் கணினியில் பார்ப்பது போதாது. அச்சான தாளை, அதுவும் நகலெடுத்த பிரதியை வைத்துச் சோதியுங்கள். பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரிகிற மெல்லிய தாளாக இருந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள்.

பக்கங்கள் கூடுகின்றன, செலவு கூடுகிறது என்பது உண்மை. பெரிய எழுத்துத் தாள் எத்தனை பேருக்குத் தேவை என்று முன்பே தெரிந்தால் அந்தச் செலவு சில பிரதிகளோடு நின்றுவிடும். அதற்கு, போட்டிக்கான பதிவுப் படிவத்தில் மாணவர் பெயருக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: “வினாத்தாள் எந்த அளவு எழுத்தில் வேண்டும்: 14, 18, 24? கூடுதல் நேரம் அல்லது எழுத உதவியாளர் தேவையா?” எழுத்தளவு மூன்றையும் அந்தந்த அளவிலேயே அச்சிட்டுக் காட்டினால் பிள்ளை பார்த்துத் தேர்ந்துகொள்ளும். படிவத்தைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்னதாகவாவது திருப்பி வாங்குங்கள். அன்று காலையில் கேட்டால், எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்க எந்தப் பிள்ளையும் விரும்பாது.

மாதிரித் தாள் ஒன்றை மாற்றி அமைத்துத் தரவும், அச்சுக்கு முன் உங்களோடு உட்கார்ந்து பார்க்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து ஒரு சிறப்பாசிரியர்