தறிக்கூலிக் கணக்கு

குமாரபாளையம்
ஞாயிறு

அன்புள்ள சண்முகம்,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சௌக்கியம். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, மற்றபடி ஊரில் புதுசாக ஒன்றுமில்லை.

எதிர்வீட்டுத் தறிக்காரர் மகள் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்திருக்கிறாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஓர் அறக்கட்டளை உதவித்தொகைக்கு 'ஏன் உதவி வேண்டும், படித்து என்ன செய்வாய்' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்களாம். எழுதிக்கொண்டு வந்து, "சார், சித்த பாருங்க" என்றாள். பக்கம் முழுக்க வறுமை, கண்ணீர். வீட்டு வருமானம் மாதம் ஆறாயிரம் என்றிருந்தது. கூட வைத்திருந்த வருமானச் சான்றிதழிலோ ஆண்டுக்கு 1,44,000. படிக்கிறவன் இந்த இடத்திலேயே பேனாவை மூடிவிடுவான்.

பொய் சொல்லவில்லை பாவம், கணக்குப் போடத் தெரியவில்லை. உட்காரவைத்துக் கேட்டேன். அப்பாவுக்கு வாரக்கூலி 3,000. நூல் வராத வாரம், பாவு தீர்ந்த வாரம் போக வருசத்துக்கு 40 வாரம்தான் தறி ஓடும். ஆக 1,20,000. அம்மா தார் சுற்றி வாரம் 600, அது 24,000. சான்றிதழோடு சரியாகப் பொருந்திவிட்டது. ஆனால் பட்டறைக்காரரிடம் வாங்கிய முன்பணத்துக்கு அப்பா கூலியில் வாரம் 600 பிடித்துவிடுகிறார்கள். கைக்கு வருவது 1,20,000தான். இதை அவள் எழுதவே இல்லை. "கடன்னு எழுதுனா கேவலமில்லைங்களா?" என்றாள்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வருவதையும் மறைத்திருந்தாள், சொன்னால் உதவி கிடைக்காது என்ற பயம். விசாரித்தால் தெரியப்போவதுதானே? எழுதச் சொன்னேன். கட்டணம், விடுதி, புத்தகம் சேர்த்து வருசம் 90,000. அரசு தருவது 12,000, வீட்டில் புரட்டக்கூடியது 30,000. குறைவது 48,000. 'எனக்கு வேண்டியது இந்த 48,000' என்று ஒரே வரி. கண்ணீர்ப் பத்தி முழுவதையும் அடித்துவிட்டோம்.

லட்சியம் என்ற இடத்தில் 'ஐ.ஏ.எஸ். ஆகிச் சேவை செய்வேன்' என்றிருந்தது. அதற்கு எதற்கு வேதியியல் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாயத் தண்ணீரில் நிறத்தை எடுத்தாலும் உப்பு கரைந்தே நிற்குமே, அதைப் பிரிப்பதைப் படிக்கணும் என்றாள். பருத்திக்குச் சாயம் ஏற உப்பைக் கொட்டுகிறார்களே, அதுதான். 2011இல் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நாம் பேசிக்கொண்ட அதே சங்கதி! சுத்திகரிப்பு நிலையத்து ஆய்வகத்தில் வேலை, அதற்கு முன் எம்.எஸ்சி. என்று எழுதியிருக்கிறாள்.

நகல் இத்துடன் இருக்கிறது. வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தே தலை நரைத்தவன் நீ. எங்காவது இடித்தால் வெள்ளிக்கிழமைக்குள் போன் பண்ணு.

அன்புடன்,
பழனிசாமி