இடம் கூடினால் பிழை குறையுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கணினிப் பக்கத்தில், ‘நினைவகத்தில் இடம் கூடக் கூட பேஜ் ஃபால்ட் குறைந்துகொண்டே வரும்’ என்று ஒரு வரி இருந்தது. இருபது வருடம் பாலிடெக்னிக்கில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் எடுத்தவன் என்பதால் அந்த வரியைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. நினைவகம் நிரம்பியதும் எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்று முடிவு செய்யப் பல முறைகள் உண்டு. அவற்றில் எல்.ஆர்.யு. முறைக்கு அது சரி. ஃபிஃபோவுக்குச் சரியில்லை. 1969-லேயே பெலாடி, நெல்சன், ஷெட்லர் மூவரும் இதை எழுதிவிட்டார்கள். பாடப்புத்தகங்களில் பெலாடி பெயர் மட்டும்தான் நிலைத்தது. மற்ற இருவர் பாவம்.

நிரலைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள், ஒரு துண்டுதான் ஒரு பக்கம். நினைவகத்தில் ஒரு பக்கம் உட்காரும் இடம் பிரேம். தேவைப்பட்ட பக்கம் நினைவகத்தில் இல்லாவிட்டால் அது பேஜ் ஃபால்ட். வட்டிலிருந்து அதை எடுத்து வர வேண்டும். காலி பிரேம் இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஒரு பக்கத்தை வெளியேற்ற வேண்டும். யாரை வெளியேற்றுவது? முதலில் வந்தவரை என்கிறது ஃபிஃபோ. ரொம்ப நேரமாக யாரும் தொடாதவரை என்கிறது எல்.ஆர்.யு.

ஒரு நிரல் பக்கங்களை இந்த வரிசையில் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5

ஃபிஃபோ முறையில் மூன்று பிரேம் கொடுத்தால் 9 ஃபால்ட். நான்கு கொடுத்தால் 10. பேனா எடுத்துப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிட வேலைதான்.

எங்கே கோணுகிறது என்பதை ஐந்தாவது, ஆறாவது கோரிக்கைகளில் பார்க்கலாம். நான்கு பிரேம் இருக்கும்போது 1, 2, 3, 4 எல்லாமே உள்ளே இருக்கின்றன. மறுபடி 1-ஐயும் 2-ஐயும் கேட்டால் உடனே கிடைக்கின்றன. இரண்டு ஃபால்ட் மிச்சமாகிறது. ஆனால் ஃபிஃபோ வந்த நேரத்தை மட்டும்தான் பார்க்கும். இப்போது பயன்பட்டதை அது கணக்கில் எடுப்பதில்லை, அதனால் 1-ம் 2-ம் இன்னும் வரிசையின் தலையிலேயே நிற்கின்றன. அடுத்து 5 வந்ததும் 1 வெளியே போகிறது. மறு நொடியே 1 வேண்டும் என்கிறது நிரல்! அதற்காக 2-ஐத் தள்ளினால், அடுத்துக் கேட்பது 2-ஐத்தான். இப்படியே கடைசி வரை, கேட்கப்போவதை அதற்கு முந்தின கணம் வெளியேற்றி, ஆறு ஃபால்ட் வரிசையாக விழுகின்றன.

மூன்று பிரேமில் நடப்பது வேடிக்கை. அங்கே 1-ம் 2-ம் ஏற்கெனவே துரத்தப்பட்டு, ஃபால்ட் ஆகித் திரும்பி வருகின்றன. ரேஷன் கடை வரிசையிலிருந்து விலகிப் போனவர் திரும்பி வந்து கடைசியில் நிற்பதுபோல அவற்றின் இடம் பின்னால் போய்விடுகிறது. இந்த வரிசையில் தலைக்கு வருவதுதான் ஆபத்து என்பதால், பின்னால் போனதே லாபம். 5 வரும்போது வெளியேறுவது 4. உள்ளே 1, 2, 5 இருக்கின்றன. அடுத்த இரண்டு கோரிக்கைகளும் அலுங்காமல் நிறைவேறுகின்றன. அதே கணத்தில் பெரிய நினைவகத்தில் இருப்பவை 2, 3, 4, 5. சிறியதில் இருக்கும் 1 பெரியதில் இல்லை. கோளாறின் வேர் இதுதான்.

எல்.ஆர்.யு.வில் இது நடக்க வழியில்லை. மூன்று பிரேமில் இருப்பவை கடைசியாகத் தொட்ட மூன்று வேறுவேறு பக்கங்கள். நான்கில் இருப்பவை கடைசியாகத் தொட்ட நான்கு. மூன்றும் அந்த நான்குக்குள் எப்போதும் அடங்கும். சிறியதில் கிடைக்கிற எதுவும் பெரியதிலும் கிடைக்கும். இந்த அடக்கம் உள்ள முறைகளை ஸ்டாக் அல்காரிதம் என்கிறார்கள்.

இதற்காக எல்.ஆர்.யு. எப்போதும் ஜெயிக்கும் என்று எழுதிவிடாதீர்கள். மேலே சொன்ன வரிசைக்கே மூன்று பிரேமில் எல்.ஆர்.யு. 10 ஃபால்ட் வாங்குகிறது, ஃபிஃபோ 9 தான். நான்கில் எல்.ஆர்.யு. 8-க்கு இறங்குகிறது. இடம் கூடினால் மோசமாகாது என்பது மட்டும்தான் அது தரும் உறுதி. அப்புறம், அசல் எல்.ஆர்.யு.வுக்கு ஒவ்வொரு முறை தொடும்போதும் குறித்து வைக்க வேண்டும்; அது கட்டுப்படியாகாது. அதனால் நடைமுறையில், பக்கத்தைச் சமீபத்தில் தொட்டிருந்தால் 1 என்று காட்டும் ஒரே ஒரு பிட்டை மட்டும் பார்க்கும் கிளாக் போன்ற முறைகள்தான் ஓடுகின்றன. எல்லாப் பக்கத்தின் பிட்டும் 1 ஆகிவிட்டால் கிளாக்கும் ஃபிஃபோவாகவே நடந்துகொள்ளும்.

வீட்டில் போட்டுப் பார்க்கும் வாசகர்களுக்கு ஒன்று. நான்கு பிரேம் ஃபிஃபோவுக்கு 10 வராமல் 8 வந்தால், கிடைத்த பக்கத்தை நீங்கள் வரிசையின் பின்னால் நகர்த்தியிருக்கிறீர்கள். அதாவது, தெரியாமல் எல்.ஆர்.யு. போட்டுவிட்டீர்கள். என் வகுப்பில் வருடா வருடம் பாதிப் பேர் இதைச் செய்வார்கள்.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர்,
திருநெல்வேலி